தொங்கு தக்ளியில் சமநிலையான இரட்டைப்புரி நூல்: மாதிரி அட்டையை வைத்துப் புரியிடும் முறை

தக்ளியில் கம்பளி நூற்கக் கற்றவர்களில் பலர் இரண்டு ஒற்றைப்புரிகளைச் சேர்த்து முறுக்கும் இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். புரியிட்ட நூலைச் சிட்டமாகச் சுற்றித் தொங்கவிட்டால் அது தானாகவே முறுக்கிக்கொண்டு கயிறுபோல் சுருள்கிறது. அந்த நூலில் பின்னிய துணியும் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். நூற்கும்போது ஏறிய முறுக்கும் புரியிடும்போது எதிர்த்திசையில் ஏறிய முறுக்கும் ஒன்றையொன்று ஈடுசெய்யாததே இதற்குக் காரணம். என் நூலையும் நெடுநாள் படுத்திய இந்தச் சிக்கல், புரியிடும்போது கண்ணை நம்புவதை விட்டு ஒரு மாதிரி அட்டையை நம்பத் தொடங்கிய பிறகே தீர்ந்தது. அந்த முறையை இங்கே விரிவாகவும் மற்றவற்றைச் சுருக்கமாகவும் எழுதுகிறேன்.

தக்ளியும் கம்பளியும்

முதல் நூலுக்குப் பருத்தி வேண்டாம். பருத்தியின் இழை பெரும்பாலும் 3 சென்டிமீட்டர் அளவே இருப்பதால், தொங்கும் தக்ளியின் எடையை மெல்லிய புரி தாங்குவதற்குள் இழைகள் நழுவிப் பிரிந்துவிடும். சுமார் 8 முதல் 10 சென்டிமீட்டர் இழை நீளமுள்ள, சீவிப் பட்டையாக்கிய ஆட்டுக் கம்பளியே தொடங்குவதற்கு ஏற்றது. தக்ளி 30 முதல் 40 கிராம் வரை இருக்கலாம். வட்டு மேலே அமைந்து, அதன் உச்சியில் கொக்கி உள்ள தக்ளியையே நான் விரும்புகிறேன். வட்டு கீழே உள்ளதில் ஒவ்வொரு முறையும் தண்டின் நுனியில் நூலை முடிச்சிட்டு அவிழ்க்க வேண்டியிருக்கிறது. கொக்கி உள்ளதில் அந்த வேலை இல்லை. வாங்குமுன் தக்ளியைச் சுழற்றிப் பாருங்கள். அது ஆடாமல் நெடுநேரம் சுற்றுகிறதா என்பது மரத்தின் அழகைவிட முக்கியம்.

40 கிராம் கம்பளியை எடுத்துச் சமையலறைத் தராசில் 20 கிராம் வீதம் இரண்டாகப் பிரியுங்கள். ஒவ்வொரு பாதியும் ஓர் ஒற்றைப்புரி ஆகும்.

ஒற்றைப்புரி நூற்றல்

தொடக்கத்தில் தக்ளியைத் தொங்கவிட்டபடியே இழைகளை இழுக்க முயல வேண்டாம். கொக்கியில் மாட்டிய தொடக்க நூலோடு கம்பளியின் நுனியைச் சேர்த்துப் பிடித்து, மேலிருந்து பார்க்கக் கடிகாரத் திசையில் தக்ளியைச் சுழற்றி முறுக்கைச் சேருங்கள். பிறகு தக்ளியை இரு முழங்கால்களுக்கு இடையில் நிறுத்திக்கொண்டு, சேர்ந்துள்ள முறுக்கைச் சிறிது சிறிதாகப் பட்டைக்குள் விட்டபடி இழைகளை இழுத்து மெலிதாக்குங்கள். இரு கைகளுக்கும் இடையே உள்ள தூரம் இழையின் நீளத்தைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும். அதைவிட நெருக்கமாகப் பிடித்தால், ஒரே இழையின் இரு முனைகளையும் இரு கைகளும் பற்றிக்கொள்வதால் எவ்வளவு இழுத்தாலும் பட்டை அசையாது.

தக்ளியைத் தொங்கவிட்டு நூற்கும் அளவுக்குக் கை பழகிய பின், அது சுழன்று ஓய்ந்து எதிர்த்திசையில் திரும்பும் கணத்தைக் கவனியுங்கள். கவனிக்காவிட்டால் ஏறிய முறுக்கு அவிழ்ந்து, புரி அந்த இடத்திலேயே பிரிந்து தக்ளி விழும்.

மாதிரி அட்டை

முழு முறையும் இந்தப் படியைச் சார்ந்தது. முதல் பாதியில் கொஞ்சம் நூற்று, தடிமன் ஓரளவு சீரானதும், தக்ளிக்கும் கைக்கும் இடையே உள்ள புத்தம்புதிய புரியில் 30 சென்டிமீட்டர் அளவை எடுத்து நடுவில் மடித்துத் தளர விடுங்கள். அது உடனே தன்மேல் தானே சுற்றிக்கொண்டு ஒரு சிறிய இரட்டைப்புரியாக மாறும். உள்ளிருந்த முறுக்கே தன்னைச் சமன்செய்துகொள்ளும் அளவுக்குச் சுற்றி நின்றதால், நீங்கள் கடைசியில் அடைய வேண்டிய சமநிலை நூல் இதுதான். அந்தத் துண்டை வெட்டி, பிரியாதபடி முனைகளை முடிச்சிட்டு, ஓர் அட்டையில் கட்டிவிடுங்கள்.

மாதிரியை நூற்றவுடனே எடுப்பதற்குக் காரணம் உண்டு. கம்பளிப் புரியைத் தக்ளியிலோ உருண்டையிலோ சுற்றிச் சில நாள் வைத்திருந்தால், முறுக்கிய நிலையிலேயே இழைகள் படிந்து அடங்கிவிடுகின்றன. அதே புரியை அப்போது மடித்துப் பார்த்தால் சோம்பலாகச் சிறிதளவே சுற்றும். ஆனால் முறுக்கு எங்கும் போய்விடவில்லை. நீர் பட்டதும் அது முழுமையாக விழித்துக்கொள்ளும். ஆறிய புரிகளை வைத்துக்கொண்டு, கையில் தொங்கும்போது சுருளாமல் இருக்கிறதா என்று பார்த்துப் புரியிடுபவரின் நூல் கையில் நேராகத் தொங்கினாலும், அலசியபின் சுருண்டுகொள்கிறது. அடங்கிய முறுக்குக்கு ஏற்ற அளவில் குறைவாகப் புரியிட்டதே அதன் காரணம்.

இனி அட்டையிலுள்ள மாதிரியை அளவுகோலோடு சேர்த்து, சுருக்கங்கள் நீங்கும் அளவுக்கு மட்டும் இழுத்துப் பிடித்து, 3 சென்டிமீட்டரில் ஒரு பக்கமாகத் தெரியும் மேடுகளை எண்ணுங்கள். இரட்டைப்புரியில் ஒரு முழுச் சுற்றுக்கு இரண்டு மேடுகள் தெரியும், ஒவ்வொரு புரிக்கும் ஒன்று. 12 மேடுகள் இருப்பதாகக் கொள்வோம். அப்படியானால் 3 சென்டிமீட்டரில் 6 சுற்றுகள், அதாவது 1 சென்டிமீட்டருக்கு 2 சுற்றுகள். 12 என்ற எண்ணை அட்டையிலேயே எழுதிவையுங்கள்.

மெல்லிய இடங்களில் முறுக்கு கூடுதலாகவும் தடித்த இடங்களில் குறைவாகவும் சேரும். எனவே ஒரே மாதிரியை நம்பாமல், இரு பாதிகளிலிருந்தும் இரண்டு மூன்று மாதிரிகள் எடுத்து நடுத்தரமான எண்ணைக் கொள்ளுங்கள். மாதிரிகளுக்கிடையே 8, 14 என்பது போல் பெரிய வேறுபாடு இருந்தால் கோளாறு நூற்பிலேயே இருக்கிறது. அதைப் புரியிடுதலால் சரிசெய்ய முடியாது.

இரு புரிகளையும் ஒன்றாகச் சுற்றுதல்

இரண்டு ஒற்றைப்புரிகளையும் சேர்த்து, ஒரு மரப் பந்தின் மேலோ தடித்த தாள் உருண்டையின் மேலோ இறுக்கமாக, இரட்டை இழையாக ஓர் உருண்டை சுற்றிக்கொள்ளுங்கள். இரு புரிகளும் ஒரே அளவு இழுவிசையோடு பக்கம் பக்கமாகப் படிய வேண்டும். ஒன்று தளர்ந்தால், அது இறுக்கமான மற்றொன்றைச் சுற்றிக்கொண்டு திருகு வடிவ நூலாகிவிடும். ஒரே உருண்டையின் உள்முனையையும் வெளிமுனையையும் இழுத்துப் புரியிடலாம் என்று சிலர் பரிந்துரைப்பதுண்டு. உள்ளே காலியாகி உருண்டை சரியும்போது சிக்கு விழுவதால், தொடக்கநிலையினருக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஒரே ஒற்றைப்புரிதான் இருக்கிறது என்பவர்கள், ஆண்டீஸ் மலைப் பகுதியில் வழங்கும் முறைப்படி அதை உள்ளங்கையையும் நடுவிரலையும் சுற்றி ஏற்றிக் கைவளைபோல் மணிக்கட்டில் தள்ளிக்கொண்டு, இரு முனைகளையும் சேர்த்துப் புரியிடலாம். குறைந்த அளவு நூலுக்கு அது மிகவும் வசதியானது.

புரியிடுதல்

உருண்டையை ஒரு கிண்ணத்தில் வைத்து, இரட்டை இழையின் முனையைத் தக்ளியின் தொடக்க நூலில் கட்டி, இம்முறை கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுழற்றுங்கள். நூற்றபோது இழைகள் இடப்பக்கம் கீழிருந்து வலப்பக்கம் மேலாகச் சாய்ந்திருந்தன. புரிகள் இப்போது அதற்கு எதிர்ப்பக்கமாகச் சாயும். இழுத்து மெலிதாக்கும் வேலை இங்கு இல்லாததால் தக்ளியை வேகமாகச் சுழற்றலாம்.

முதல் 60 சென்டிமீட்டர் முடிந்ததும் நிறுத்தி, மாதிரியை அளந்த அதே இழுவிசையில் 3 சென்டிமீட்டரில் மேடுகளை எண்ணுங்கள். நம் எடுத்துக்காட்டில் 60 சென்டிமீட்டருக்கு 120 சுற்றுகள் வேண்டும். 9 மேடுகளே தெரிந்தால் 90 சுற்றுகள்தான் ஏறியிருக்கின்றன. இன்னும் 30 சுற்றுகள் சேர்த்த பிறகே தண்டில் சுற்ற வேண்டும். சில முறை எண்ணிய பிறகு, எந்த வேகத்தில் எத்தனை முறை சுழற்றினால் அட்டையோடு பொருந்துகிறது என்பது கைக்குத் தெரிந்துவிடும். ஆனாலும் அவ்வப்போது அட்டையை நூலின் அருகில் வைத்து ஒப்பிடுங்கள்.

ஆறிய புரிகளைக் கொண்டு அட்டையின் எண்ணிக்கைப்படி புரியிட்டால், நூல் கையில் தளரும்போது சுருளும். முறுக்கு கூடிவிட்டது என்று எண்ணி உடனே குறைத்துவிட வேண்டாம். ஐயமிருந்தால், 30 சென்டிமீட்டர் இரட்டைப்புரியை வெட்டி, வெதுவெதுப்பான நீரில் சில நிமிடம் ஊறவைத்து, இரு முனைகளையும் சேர்த்துப் பிடித்துத் தொங்கவிடுங்கள். வளைவாக அமைதியாகத் தொங்கினால் அளவு சரி.

மாதிரி எடுக்காமலேயே நூற்று முடித்துவிட்டால் என்ன செய்வது என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். ஒற்றைப்புரியில் ஒரு துண்டை முறுக்கு அவிழாதபடி இரு முனைகளையும் பிடித்துக்கொண்டு நீரில் நனைத்து, பிறகு மடித்துத் தளர விட்டால், அடங்கிய முறுக்கு பெரும்பாலும் திரும்பிவிடும். புத்தம்புதிய மாதிரி அளவுக்குத் துல்லியமாக இராது எனினும் புரியிடப் போதுமானது.

அலசி உலர்த்துதல்

நூலைச் சிட்டமாகச் சுற்றி, நான்கு இடங்களில் தளர்வாகக் கட்டி, சிறிதளவு மென்மையான சோப்புக் கலந்த வெதுவெதுப்பான நீரில் 20 முதல் 30 நிமிடம் அசைக்காமல் ஊறவிடுங்கள். தேய்த்தாலோ, சூடான நீரிலிருந்து குளிர்ந்த நீருக்குத் திடீரென மாற்றினாலோ கம்பளி திரண்டு ஒட்டிவிடும். பிழியாமல் துண்டில் வைத்து அழுத்தி நீரை எடுத்து, எடை எதுவும் கட்டாமல் தொங்கவிடுங்கள். நூல் அலசியபின் நேராகத்தான் இருந்தது, ஆனால் பின்னிய துணி சாய்ந்துவிட்டது என்று மற்றொரு வாசகர் எழுதினார். விசாரித்ததில், சிட்டத்தின் அடியில் எடை தொங்கவிட்டு உலர்த்தியிருந்தார். எடையின் இழுப்பில் நூல் அப்போதைக்கு நேராகிறது. முறுக்கின் ஏற்றத்தாழ்வு அப்படியே இருந்து, அடுத்த முறை நனையும்போது வெளிப்படுகிறது.

உலர்ந்த சிட்டம் திறந்த வளையமாகத் தொங்கினாலோ, அரைச் சுற்று மட்டும் திரும்பினாலோ நூல் பயன்படத் தயார். பல சுற்றுகள் முறுக்கிக்கொண்டால், எந்தப் பக்கமாகச் சாய்ந்து முறுக்குகிறது என்று பாருங்கள். புரிகளின் சாய்வும் சிட்டத்தின் சாய்வும் ஒரே திசையில் இருந்தால் புரிமுறுக்கு குறைவு. உள்ளிருக்கும் ஒற்றைப்புரிகளின் முறுக்கே இன்னும் மேலோங்கியிருக்கிறது. எதிர்த்திசையில் சாய்ந்தால் புரிமுறுக்கு மிகுதி. குறைவாக இருந்தால் முழு நூலையும் மறுபடி தக்ளியில் ஏற்றிக் கடிகாரத்துக்கு எதிர்த்திசையிலும், மிகுதியாக இருந்தால் கடிகாரத் திசையிலும் சிறிது சுழற்றி அனுப்பலாம். எவ்வளவு சுழற்ற வேண்டும் என்பதற்கு அட்டையிலுள்ள எண்ணையே மீண்டும் பாருங்கள்; பிறகு அந்தச் சிட்டத்தை இன்னொரு முறை நனைத்து உலர்த்திய பின்பே சரிபார்க்க வேண்டும்.