சம்பளம் குறைந்தால் முதலில் வாடகை செக்கைப் பாருங்கள்

துபாய், ஷார்ஜா பக்கம் புதிதாகக் குடும்பத்தோடு வந்தவர்கள், "அடுத்த மாதம் முதல் 30 சதவீதம் குறைவு" என்று கம்பெனி சொன்னதும் மளிகைச் செலவைத்தான் முதலில் குறைக்கப் பார்க்கிறார்கள். உண்மையான நெருக்கடி வேறு இடத்தில் இருக்கிறது. வீட்டு ஓனரிடம் தேதி போட்டுக் கொடுத்து வைத்திருக்கிறோமே, அந்த வாடகை செக்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 9,000 திர்ஹாம் சம்பளம் 6,300 ஆகிறது. மாதச் செலவில் வாடகை 3,000 (மூன்று மாதத்துக்கு ஒரு செக், 9,000), வங்கிக் கடன் தவணை 1,400, ஊருக்கு 2,000, மளிகை 1,200, கரண்ட், தண்ணீர், போன், இன்டர்நெட் எல்லாம் 800, போக்குவரத்து 300. மொத்தம் 8,700, அதாவது மாதம் 2,400 துண்டு விழுகிறது. ஊருக்கு 800 மட்டும் அனுப்பி, மளிகையை 900-க்கும் பில்களை 600-க்கும் இறக்கினாலும் 700 இடிக்கும்.

அந்த 700-ஐ கிரெடிட் கார்டில் தேய்க்காதீர்கள். தவணை தவறுவதற்கு முன்பே, கம்பெனி கடிதத்தோடு வங்கிக்குப் போய் இரண்டு மாதத் தவணையைத் தள்ளிவைக்கக் கேளுங்கள். வட்டி ஓடும்தான், ஆனால் கிடைத்தால் அந்த இரண்டு மாதமும் 700 மிச்சமாகும், அதற்கடுத்த இரண்டு மாதத் துண்டு அதில் அடைந்துவிடும். ஆக, நான்கு மாதம் கையில் இருக்கிறது.

ஓனரிடம் செக் தேதிக்குச் சில வாரம் முன்னாடியே பேசிவிடுங்கள். 9,000 செக்கை 3,000 வீதம் மூன்றாகப் பிரித்துத் தரச் சம்மதித்தால், புதிய செக்குகளைக் கொடுக்கும்போதே பழைய செக்கைக் கையில் வாங்கிவிட வேண்டும். "அப்புறம் தர்றேன்" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பணம் இல்லாமல் செக் திரும்பினால், தனி வழக்கு போடாமலே அவர் நேராக நீதிமன்றத்தின் வசூல் பிரிவுக்குப் போகலாம்.

அப்புறம், சம்பளக் குறைப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போடும் முன், எது குறைகிறது என்று வரி வரியாகப் பாருங்கள். நீங்கள் எழுத்தில் சம்மதிக்காமல் ஒப்பந்தச் சம்பளத்தைக் குறைக்க முடியாது, அதனால் எத்தனை மாதத்துக்கு என்பதையும் எழுதித் தரச் சொல்லலாம். அலவன்ஸ் மட்டும் குறைந்தால் பணிக்கொடை குறையாது, அடிப்படைச் சம்பளம் குறைந்தால் அதுவும் குறையும், ஏனென்றால் கடைசி அடிப்படைச் சம்பளத்தை வைத்துத்தான் அதைக் கணக்கிடுகிறார்கள். சம்பளமில்லா விடுப்பு நாட்களும் அந்தக் கணக்கில் சேராது. நீங்கள் கட்டும் வேலையிழப்புக் காப்பீடு இதற்கு உதவாது, வேலையே போனால்தான் அது கிடைக்கும்.