நிலுவை இன்வாய்ஸுக்கு இறுதிக் கோரிக்கைக் கடிதம் எழுதும் முறை

நினைவூட்டல்களுக்குப் பலன் இல்லாதபோது, வழக்குத் தொடுப்பதற்கு முன் அனுப்பும் கடைசிக் கடிதம் இது. நாளை நீதிமன்றத்தில் இதுவே ஆவணமாக வைக்கப்படலாம் என்பதால், அதிலுள்ள தொகை பிழையற்றதாக இருக்க வேண்டும். பலரும் தடுமாறுவது இந்தத் தொகையில்தான்.

முதல் படி: ஆவணங்கள். ஒப்பந்தம் அல்லது ஆர்டர், இன்வாய்ஸ், வேலையை ஒப்படைத்ததற்கான சான்று, இதுவரை அனுப்பிய நினைவூட்டல்கள் ஆகியவற்றைத் தேதிவாரியாக அடுக்குங்கள். ஒப்பந்தத்தில் உள்ள நிறுவனத்தின் முழுப் பெயருக்கே கடிதம் செல்ல வேண்டும். உங்களோடு பேசிவந்த மேலாளர் கடனாளி அல்லர்.

இரண்டாம் படி: கணக்கு. 80,000 தொகைக்கான இன்வாய்ஸின் கெடு மார்ச் 31 அன்று முடிந்தது என்றும், தாமதத்துக்கு மாதம் 1 சதவீதத் தனிவட்டி என ஒப்பந்தம் சொல்கிறது என்றும் கொள்வோம். ஏப்ரல், மே மாதங்களுக்கு வட்டி 1,600. மே 31 அன்று வந்த 30,000 அசலில் கழிக்கப்பட்டதால் மீதி 50,000. ஜூன் முதல் செப்டம்பர் வரை அதற்கு வட்டி 2,000. ஆகச் செப்டம்பர் 30 அன்று நிலுவை 53,600. பகுதித் தொகையை வட்டியில் கழித்தீர்களா, அசலில் கழித்தீர்களா என்பதைக் கடிதத்தில் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் எதிர்த்தரப்பு முதலில் கேள்வி எழுப்புவது அங்கேதான். ஒப்பந்தத்தில் வட்டியே இல்லையென்றால், உங்கள் நாட்டுச் சட்டம் அனுமதிக்கும் அளவை மட்டும் கேளுங்கள்.

மூன்றாம் படி: கடிதம். மையப் பகுதி இவ்வாறு அமையலாம்:

> "இன்வாய்ஸ் எண் 114-இன்படி, செப்டம்பர் 30 அன்று தங்கள் நிறுவனம் செலுத்த வேண்டிய நிலுவை 53,600 (அசல் 50,000, வட்டி 3,600). கணக்கு விவரம் இணைக்கப்பட்டுள்ளது. அக்டோபர் 15-க்குள் இத்தொகை கீழ்க்கண்ட வங்கிக் கணக்கில் வந்து சேராவிட்டால், மறு அறிவிப்பின்றி வழக்குத் தொடுப்போம். நிலுவையில் எந்தப் பகுதியையேனும் தாங்கள் மறுத்தால், அதற்கான காரணத்தை அதே தேதிக்குள் எழுத்தில் தெரிவிக்கவும்."

"கடிதம் கிடைத்த 14 நாட்களுக்குள்" என்று எழுதினால் எந்த நாளில் கிடைத்தது என்ற வாதம் எழும்; ஆகவே தேதியையே குறிப்பிடுங்கள். காவல்துறையில் புகார் கொடுப்போம், ஊரறியச் செய்வோம் என்ற மிரட்டல்கள் உங்கள் மீதே வழக்கு வரக் காரணமாகலாம். தள்ளுபடி தர விருப்பம் இருந்தாலும் இதில் எழுத வேண்டாம். குறைத்துக் கேட்டால் அந்தக் குறைந்த தொகையிலிருந்தே பேரம் தொடங்கும்.

நான்காம் படி: அனுப்புதல். ஒப்புகையுடன் கூடிய பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் ஒரே நாளில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பல நாடுகளில், கடிதம் அனுப்பியதால் மட்டும் வழக்குத் தொடுப்பதற்கான காலவரம்பு நின்றுவிடுவதில்லை. வரம்பு நெருங்கியிருந்தால், அனுப்பும் முன்பே வழக்கறிஞரைப் பாருங்கள். கெடு நாளுக்குள் பகுதித் தொகை மட்டும் வந்தால், அதை மீதிக்கான உரிமையை விடாமல் பெற்றுக்கொண்டதாக அன்றே எழுதி அனுப்புங்கள். எதுவுமே வராவிட்டால் அக்டோபர் 16 அன்று இன்னொரு நினைவூட்டல் வேண்டாம். இந்த ஆவணக் கட்டோடு வழக்கைத் தாக்கல் செய்யும் பணியைத் தொடங்குங்கள்.