இஎம்ஐ-யில் வட்டி எவ்வளவு, அசல் எவ்வளவு? நீங்களே போட்டுப் பார்க்கும் கணக்கு

கடலூர் செம்மண்டலத்தில் வீடு கட்டிய என் பெரியப்பா மகன், வங்கியில் 20 லட்சம் ரூபாய் கடன் வாங்கியிருக்கிறார். 9 சதவீத வட்டி, 20 வருடத் தவணை, மாதம் 17,995 ரூபாய். ஒரு வருடம் கட்டி முடித்துவிட்டு ஸ்டேட்மென்ட் எடுத்தால், பாக்கி அசல் 19 லட்சத்து 62 ஆயிரத்துச் சொச்சம் என்று இருக்கிறது. "2 லட்சத்துக்கு மேல கட்டிட்டேன்டா, 40 ஆயிரம்கூட குறையலையே. முதல்ல வட்டிய எல்லாம் எடுத்துக்கிறாங்களா?" என்று கேட்டார்.

அப்படி யாரும் முன்கூட்டி எடுக்கவில்லை. ஒரு தாளும் பேனாவும் இருந்தால் பத்து நிமிடத்தில் இதைச் சரிபார்த்துவிடலாம். அவர் கடனையே எடுத்துக்கொள்வோம்.

முதலில் ஒரு மாத வட்டி

வருடத்துக்கு 9 சதவீதம் என்றால், 12-ஆல் வகுத்தால் மாதத்துக்கு 0.75 சதவீதம். நம்மூர்ப் பேச்சில் நூற்றுக்கு 75 காசு வட்டி. 20 லட்சத்துக்கு ஒரு மாத வட்டி 15,000 ரூபாய்.

ஊரில் வட்டிக்குக் கடன் வாங்கினால் என்ன நடக்கும்? மாதாமாதம் அந்த 15,000-ஐ மட்டும் கொடுத்துக்கொண்டே இருக்கலாம். பத்து வருடம் கொடுத்தாலும் அசல் 20 லட்சம் அப்படியே நிற்கும். கூடக் கொஞ்சம் கொடுத்தால்தான் அந்தக் கூடுதல் அசலில் கழியும். இஎம்ஐ-யும் இதே கணக்குதான். அந்த மாதத்து வட்டி போக மிச்சம் இருப்பது அசலுக்குப் போகிறது.

17,995-இல் 15,000 வட்டிக்குப் போனால், அசலுக்கு மிஞ்சுவது 2,995 ரூபாய்.

இரண்டாம் மாதம், மூன்றாம் மாதம்

இப்போது பாக்கி 19,97,005. இதற்கு 0.75 சதவீதம் போட்டால் வட்டி 14,978. அசலுக்கு 3,017. பாக்கி 19,93,988.

மூன்றாம் மாதம் வட்டி 14,955, அசலுக்கு 3,040.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பாருங்கள். இரண்டாம் மாதம் வட்டி 22 ரூபாய் குறைந்தது. அந்த 22 எங்கிருந்து வந்தது? முதல் மாதம் 2,995 ரூபாய் அசலை அடைத்தோம் இல்லையா, அந்தப் பணத்துக்கு இனி வட்டி கிடையாது. 2,995-க்கு நூற்றுக்கு 75 காசு போட்டால் 22 ரூபாய்ச் சொச்சம். தவணைத் தொகை மாறாததால், வட்டியில் குறைந்த 22 ரூபாய் அப்படியே அசல் பக்கம் சேர்கிறது. அடுத்த மாதம் இன்னும் கொஞ்சம். ஆரம்பத்தில் நகர்வதே தெரியாது, ஆனால் ஒரு மாதம்கூட நிற்காமல் நகரும்.

240 மாதத்துக்கும் போடுவது

கையால் போட வேண்டாம். கூகுள் ஷீட்ஸ் அல்லது எக்செலில் முதல் வரியைத் தலைப்புக்கு விட்டுவிட்டு, இரண்டாம் வரியில் தொடங்குங்கள். B பாக்கி, C வட்டி, D அசல், E மாதக் கடைசிப் பாக்கி.

```
B2:  2000000
C2:  =B2*9%/12
D2:  =17995-C2
E2:  =B2-D2
B3:  =E2
```

C2, D2, E2 மூன்றையும் ஒரு வரி கீழே இழுங்கள். அப்புறம் மூன்றாம் வரியை முழுசாகப் பிடித்து 241-ஆம் வரி வரை இழுத்தால் 20 வருடமும் விரியும். உங்கள் கடனுக்கு இஎம்ஐ தெரியாவிட்டால் இதைப் போட்டால் வந்துவிடும்:

```
=PMT(9%/12,240,-2000000)
```

பட்டியலில் மூன்று இடங்களைத் தேடிப் பாருங்கள். 12-ஆம் மாதக் கடைசியில் பாக்கி சுமார் 19,62,540. அண்ணன் ஸ்டேட்மென்டில் பார்த்தது இதைத்தான். 120-ஆம் மாதம், அதாவது சரிபாதிக் காலம் முடியும்போது, பாக்கி இன்னும் 14 லட்சத்து 20 ஆயிரம். 149-ஆம் மாதத்தில்தான், பாக்கி 12 லட்சத்துக்குக் கீழே இறங்கியதும், தவணையில் அசல் பாதியைத் தாண்டுகிறது. கடைசி மாதத்தில் வட்டி 130 ரூபாய் அளவுதான் இருக்கும்.

இதற்குக் காரணம் நீண்ட தவணைக்காலம்

அதே 20 லட்சத்தை அதே 9 சதவீதத்தில் 5 வருடத்துக்கு வாங்கினால் இஎம்ஐ 41,517. முதல் மாத வட்டி அப்போதும் அதே 15,000-தான், ஒரு ரூபாய் மாறாது. ஆனால் அசலுக்கு 26,517 போகிறது. முதல் தவணையிலேயே அசல்தான் அதிகம். 9 சதவீத வட்டியில் தவணைக்காலம் 92 மாதமோ அதற்குக் குறைவாகவோ இருந்தால் எந்தக் கடனும் இப்படித்தான் இருக்கும். இஎம்ஐ-யைச் சின்னதாக்க 20 வருடம் என்று நீட்டும்போது, வட்டிக்கு மேலே அசலுக்கென்று நாம் வைக்கும் தொகை சுருங்கிவிடுகிறது.

ஸ்டேட்மென்டில் எண்கள் கொஞ்சம் வேறாக இருந்தால்

பல வங்கிகள் மாதத்தை 12-இல் ஒன்றாக எடுக்காமல் நாள் கணக்கில் வட்டி போடுகின்றன. 20 லட்சத்துக்கு 31 நாள் வட்டி 15,288, 28 நாள் வட்டி 13,808. அதனால் மாதத்துக்கு மாதம் ஏறி இறங்கித் தெரிந்தால் பயப்பட வேண்டாம். வருடக் கணக்கில் உங்கள் பட்டியலோடு ஏறக்குறைய ஒத்துப்போகும். ஒத்துப்போகவில்லை என்றால் இடையில் வட்டி விகிதம் மாறியதா என்று முதலில் பாருங்கள்.

கையில் 1 லட்சம் வந்தால்

இந்தப் பட்டியலின் பெரிய பயன் இதில்தான். முதல் வருடம் முடிந்ததும் 1 லட்சத்தைக் கூடுதலாக அசலில் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். 13-ஆம் மாதத்திலிருந்து அசல் பத்தியை மட்டும் கூட்டிக்கொண்டே வாருங்கள்: 3,276, 3,301, 3,325... 1 லட்சம் தொட 27 வரிக்கு மேல் ஆகும். அந்த 27 தவணைகளைத் தாண்டிக் குதித்துவிட்டீர்கள், அந்த வரிகளில் இருக்கும் வட்டியை இனிக் கட்டவே வேண்டாம். மிச்சமாகும் வட்டி சுமார் 3 லட்சத்து 96 ஆயிரம். அதே 1 லட்சத்தை 15 வருடம் கழித்துக் கட்டினால் 8 வரிதான் தாண்டும். வட்டி விகிதம் இரண்டு நேரத்திலும் ஒன்றுதான். முன்னால் கட்டிய பணம் அதிக வருடங்களுக்கு வட்டியைத் தடுக்கிறது, அவ்வளவுதான்.

தனிநபர் பெயரில் உள்ள மாறும் வட்டி வீட்டுக் கடனுக்கு, முன்கூட்டிக் கட்டினால் அபராதம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. நிலையான வட்டி என்றால் ஒப்பந்தத்தைப் படித்துவிட்டுக் கட்டுங்கள்.

கட்டும்போது, "இஎம்ஐ அப்படியே இருக்கட்டும், காலத்தைக் குறையுங்கள்" என்று எழுதிக் கொடுங்கள். காலத்தை அப்படியே விட்டு இஎம்ஐ-யைக் குறைத்தால் அது 17,078 ஆகும், மொத்த மிச்சமோ 1 லட்சத்து 9 ஆயிரம் அளவுக்குச் சுருங்கிவிடும். மாதச் செலவு நெருக்குகிறது என்றால் அதுவும் சரியான முடிவுதான், ஆனால் தெரிந்து எடுங்கள். அடுத்த மாத ஸ்டேட்மென்டில் இஎம்ஐ மாறாமல், வட்டி 750 ரூபாய் அளவுக்குக் குறைந்து, அசல் அதே அளவு ஏறியிருக்க வேண்டும். இஎம்ஐ குறைந்திருந்தால் நீங்கள் எழுதிக் கொடுத்த நகலோடு கிளைக்குப் போய் மாற்றச் சொல்லுங்கள்.