ஸ்டாப் கோடான் வேறு, டெர்மினேட்டர் வேறு

சனிக்கிழமை மாலை பிரிக்பீல்ட்ஸில் நான் நடத்தும் டியூஷனுக்கு வருபவர்களிடம் ஒரு பாக்டீரியா மரபணுவை வரையச் சொன்னால், பலரும் ப்ரொமோட்டரில் தொடங்கி UAA-வில் முடித்துவிடுகிறார்கள். UAA என்ற ஸ்டாப் கோடான், புரதம் கட்டும் ரைபோசோமுக்கான குறி. டிஎன்ஏவை ஆர்என்ஏவாகப் படியெடுக்கும் ஆர்என்ஏ பாலிமரேஸ் அதைக் கவனிக்காமல் தாண்டிப் போய்விடும்; அதை நிறுத்தும் இடம்தான் டெர்மினேட்டர்.

தொடக்கத்திலும் இதே குழப்பம் உண்டு. ஈ.கோலையின் பாலிமரேஸுக்கு ப்ரொமோட்டரைக் காட்டும் சிக்மா 70 என்ற புரதம் பிடித்துக்கொள்ளும் -35, -10 பகுதிகள் ஆர்என்ஏ தொடங்கும் இடத்திலிருந்து எண்ணப்படுபவை, புரதம் தொடங்கும் AUG-இலிருந்து அல்ல. சிக்மா பெரும்பாலும் தொடக்கக் கட்டம் முடிந்ததும் கழன்றுவிடும். ஆகவே 'டெர்மினேட்டரில் சிக்மா விலகுகிறது' என்று எழுதாதீர்கள்.

சரி, பாலிமரேஸை நிறுத்துவது எது? முதல் வகைக்கு வேறு புரதம் தேவையில்லை. நான் கரும்பலகையில் எழுதும் மாதிரி இது:

```
GCCCGCC UAAC GGCGGGC UUUUUUUU
```

இரண்டு GC துண்டுகளும் ஒன்றோடொன்று மடங்கி இணைந்து ஒரு கொண்டை ஊசி உருவாகும். அது உருவாவது புதிதாக வரும் ஆர்என்ஏவில். பலர் டிஎன்ஏவில் வரைந்து மதிப்பெண்ணை இழக்கிறார்கள். ஊசி மட்டும் போதாது என்பதையும் மறந்துவிடுகிறார்கள். பின்னால் வரும் U வரிசை டிஎன்ஏவோடு மிகத் தளர்வாக ஒட்டியிருப்பதால்தான் ஆர்என்ஏ எளிதில் உருவிக்கொண்டு வருகிறது. அந்த U-க்களை மாற்றிவிட்டால் ஊசி அப்படியே இருந்தும் பாலிமரேஸ் பெரும்பாலும் ஓடிக்கொண்டே இருக்கும்.

இரண்டாம் வகைக்கு ரோ என்ற புரதம் தேவை; அங்கே இந்த ஊசியைத் தேடக் கூடாது. ரோ ஆறு அலகுகள் சேர்ந்த வளையப் புரதம். C அதிகமும் G குறைவுமாக உள்ள, ரைபோசோம் மூடாத ஆர்என்ஏவில் ஏறி, ஏடிபியைச் செலவழித்து 5' முனையிலிருந்து 3' பக்கம் நகர்ந்து, பாலிமரேஸிடமிருந்து ஆர்என்ஏவை விடுவிக்கிறது.

ஈ.கோலையின் லாக் இசட், லாக் ஒய் இரண்டும் அடுத்தடுத்து அமைந்து ஒரே ஆர்என்ஏவாகப் படியெடுக்கப்படும் மரபணுக்கள். அவற்றைப் பற்றிப் போன மாதம் ஒரு மாணவி கேட்டாள்: "டீச்சர், லாக் இசட்டின் நடுவே ஸ்டாப் கோடான் விழுந்தால் லாக் ஒய் ஏன் குறைகிறது? ஸ்டாப் கோடான் படியெடுத்தலை நிறுத்தாதே!"

அருமையான கேள்வி. ஸ்டாப் கோடான் நேரடியாக நிறுத்துவதில்லை. ரைபோசோம் அங்கே இறங்கிவிடுவதால் அதற்குப் பிந்தைய ஆர்என்ஏ மூடப்படாமல் கிடக்கிறது. ரோ அதில் ஏறிப் பாலிமரேஸை எட்டிவிட்டால் லாக் ஒய் படியெடுக்கப்படாமலே போகும். லாக் இசட்டின் இயல்பான முடிவில் இந்த நிலை வராது, ஏனென்றால் சற்றுத் தள்ளியே லாக் ஒய்க்கான ரைபோசோம் ஏறிக்கொள்கிறது. அதனால்தான் மாற்றம் லாக் இசட்டின் முன்பகுதியில் விழுந்தால் பாதிப்பு அதிகம், கடைசிப் பகுதியில் விழுந்தால் குறைவு.

இதைச் சோதிக்க, அதே ஸ்டாப் கோடானை ரோ பலவீனமான ஈ.கோலை வகையில் வைத்துப் பாருங்கள். லாக் இசட் புரதம் அப்போதும் அரைகுறையாகத்தான் இருக்கும். லாக் ஒய் மட்டும் கணிசமாக மீண்டுவரும்.