காலை முதல் அடியில் குதிகால் வலி: மாதக்கணக்கான சிகிச்சையில் நேரும் தவறுகள்

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுத் துணிக்கடை ஒன்றில் விற்பனைப் பிரிவில் வேலை செய்யும் 46 வயதுப் பெண்மணி ஒருவர், ஆடித் தள்ளுபடி முடிந்த கையோடு தொடங்கிய வலது குதிகால் வலிக்காக, ஐந்து மாதம் கழித்து ஜனவரியில்தான் இயன்முறைச் சிகிச்சைக்கு என்னிடம் வந்தார். "எழுந்ததும் நாலு அடிதாம்பா உயிர் போவுது, அப்புறம் தானா சரியாயிடுது, அதான் விட்டுட்டேன்" என்றார். இந்த நோயில் மனிதர்கள் செய்யும் முதல் தவறு அந்த ஒரு வாக்கியத்துக்குள்ளேயே இருக்கிறது. வலி தானாகத் தணிவதைக் குணமாவது என்று அவர் எடுத்துக்கொண்டுவிட்டார்.

குதிகால் எலும்பின் அடியில், உட்பக்கமாகத் தொடங்கி விரல்களின் அடிவரை விசிறி போல விரியும் கெட்டியான நார்ப்பட்டை ஒன்று உள்ளங்காலில் ஓடுகிறது. பாதத்தின் வளைவை இழுத்துப் பிடித்துக்கொண்டிருப்பது அதுதான். பல ஆண்டுகள் பல மணி நேரம் நிற்பதாலோ, உடல் எடை கூடுவதாலோ, கெண்டைக்கால் தசை இறுகிக் கணுக்கால் சரிவர மடங்காததாலோ அந்தப் பட்டை எலும்போடு சேரும் இடத்தில் நைந்துபோகிறது. இதையே மருத்துவர்கள் பிளாண்டார் ஃபேசியைடிஸ் என்கிறார்கள். அந்தப் பெயர் அழற்சியைக் குறித்தாலும், நாட்பட்ட வலியில் அங்கே இருப்பது பெரும்பாலும் வீக்கமோ அழற்சியோ அல்ல, நைந்து சிதைந்த நார்கள்தான். தூங்கும்போது பாதம் கீழ்நோக்கிச் சாய்ந்தே கிடப்பதால் பட்டை சுருங்கிய நிலையில் இரவைக் கழிக்கிறது. காலையில் எழுந்து முழு எடையையும் ஊன்றும் நொடியில் அது சட்டென்று இழுபடுவதால்தான் முதல் அடி அப்படிக் குத்துகிறது. சிறிது நடந்ததும் பட்டை இளகி வலி குறைகிறது, ஆனால் நைவு அப்படியே இருக்கிறது. மாலையில் கடை மூடும் நேரத்துக்குள் அது வேறு விதமாக, கனத்த வலியாகத் திரும்பி வருவது அதற்குச் சான்று.

அவர் இடையில் சும்மா இருந்துவிடவில்லை. செங்கல்லைச் சூடாக்கி, அதன்மேல் எருக்கிலை வைத்துக் குதிகாலால் மிதிக்கும் வீட்டு வைத்தியத்தை ஒரு மாதம் செய்திருக்கிறார். சூடு பட்டால் கொஞ்ச நேரம் இதமாக இருக்கும் என்பது உண்மைதான், கால் உணர்ச்சி நன்றாக உள்ளவருக்கு மிதமான சூட்டால் கெடுதலும் இல்லை. சர்க்கரை நோயால் பாதத்தில் மரத்த உணர்வு உள்ளவர்கள் மட்டும் இதை அறவே தவிர்க்க வேண்டும், ஏனெனில் தோல் வெந்து கொப்பளித்த பிறகும் அவர்களுக்குத் தெரியாமல் போகும்.

அதற்குப் பிறகு ஓர் எக்ஸ்ரே எடுத்தார்கள். "எலும்பு வளர்ந்திருக்கு" என்று யாரோ சொன்னது அவர் மனத்தில் முள்ளாகவே தங்கிவிட்டது. அந்த எலும்பு முனை நார்ப்பட்டையைக் குத்துவதால்தான் வலிக்கிறது என்றும், அதைக் கரைக்காமல் வலி போகாது என்றும் நம்பினார். இந்த நம்பிக்கை பரவலானது, ஆனால் சரியானதல்ல. குதிகால் வலியே இல்லாத எத்தனையோ பேருக்கு எக்ஸ்ரேயில் அந்த முனை தெரிகிறது, கடுமையாக வலிக்கும் பலருக்கு அது இருப்பதே இல்லை. வலி தீர்ந்த பிறகு எக்ஸ்ரே எடுத்தாலும் முனை அங்கேதான் இருக்கும். எலும்பு முறிவு போன்ற வேறு காரணங்களை விலக்குவதற்கு எக்ஸ்ரே பயன்படும், ஆனால் முனையைக் கரைப்பதாகச் சொல்லும் மருந்துகளுக்குச் செலவிடும் பணமும் மாதங்களும் வீண்.

அடுத்த தவறு இன்னும் நுட்பமானது, எனக்கு மிகவும் வருத்தம் தருவதும் இதுதான். செப்டம்பர் இறுதியில் அவருக்குக் குதிகாலில் ஸ்டீராய்டு ஊசி போடப்பட்டது. ஒரு வாரத்தில் வலி போய்விட்டது. ஐந்து வாரம் நிம்மதியாக இருந்தார், அந்த ஐந்து வாரமும் தீபாவளி வியாபாரத்தில் நாளுக்குப் பத்து மணி நேரம் நின்றார். நவம்பரில் வலி முன்பைவிட மோசமாகத் திரும்பியது. ஊசி பொய்யான சிகிச்சை அல்ல, வலியைச் சில வாரங்களுக்கு நன்றாகவே குறைக்கும். ஆனால் நைந்த நாரை அது சீராக்குவதில்லை. வலி என்னும் தடை நீங்கிய அந்த வாரங்களில் உடற்பயிற்சியைத் தொடங்கியிருந்தால் ஊசிக்கு ஒரு பொருள் இருந்திருக்கும். "இன்னொரு ஊசி போட்டுக்கலாமா?" என்று கேட்டார். அவசரப்பட வேண்டாம் என்றேன், ஏனெனில் ஊசி போட்ட இடத்தில் நார்ப்பட்டை அறுந்துபோகும் அபாயமும், குதிகாலுக்கு மெத்தை போல் உள்ள கொழுப்புத் திசு மெலியும் அபாயமும் உண்டு, திரும்பத் திரும்பப் போடும்போது கவலையும் கூடுகிறது. மெடிக்கல் ஷாப்பில் தானாக வாங்கி மாதக்கணக்கில் விழுங்கும் வலி மாத்திரைகளும் இப்படித்தான், நோயைத் தொடுவதில்லை. வயிற்றுப்புண்ணும் சிறுநீரகக் கேடும் அவற்றால் வரக்கூடும், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

நான் அவரிடம் முதலில் கேட்டது ஒரு நோட்டுப் புத்தகம். காலையில் எத்தனை அடி வரை வலிக்கிறது என்று தினமும் ஓர் எண்ணை எழுதச் சொன்னேன். வலி எவ்வளவு என்று கேட்டால் மனநிலையைப் பொறுத்துப் பதில் மாறும், அடிகளின் எண்ணிக்கை அவ்வளவு எளிதில் மாறுவதில்லை. முதல் வாரத்தில் அவர் எழுதியது நாற்பது அடிக்கு மேல். நாலு அடி என்று அவர் முதலில் சொன்னது வாய்வழக்கு மட்டுமே என்று அப்போதுதான் தெரிந்தது.

பிறகு கட்டிலை விட்டு இறங்குவதற்கு முன் செய்யும் பயிற்சி. கால் தரையில் படுவதற்கு முன்பே, கட்டில் விளிம்பில் உட்கார்ந்து வலிக்கும் காலை மற்றக் காலின் முழங்கால்மேல் குறுக்காகப் போட வேண்டும். ஒரு கையால் விரல்கள் ஐந்தையும் அடியோடு பிடித்து கணைக்காலின் முன்பக்கத்தை நோக்கி மடக்க வேண்டும். இன்னொரு கையின் கட்டைவிரலை உள்ளங்காலில் வைத்தால், வளைவின் உட்பக்கத்தில் கயிறு போல ஒன்று விறைப்பது தெரியும். அது தெரியாவிட்டால் இழுப்பது சரியான இடத்தில் இல்லை என்று பொருள். பத்து எண்ணும்வரை பிடித்து விட வேண்டும், இப்படிப் பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை. பலர் செய்யும் பிழை, எழுந்து குளியலறைக்குப் போய்வந்த பிறகு இதைச் செய்வது. முதல் அடியில் பட்டை இழுபட்டு நோகும் வேலை அதற்குள் நடந்து முடிந்திருக்கும்.

இழுப்பு மட்டும் போதாது, நைந்த நாருக்கு மெல்ல மெல்லப் பாரம் கொடுத்தால்தான் அது உறுதிப்படும். இதற்கு மாடிப்படி போதும், லிஃப்ட் இல்லாத தண்டையார்பேட்டை மூன்றாவது மாடிக் குடியிருப்பில் அவருக்குப் படிக்குப் பஞ்சமில்லை. துவாலையைச் சுருட்டிப் படியின் விளிம்பில் வைத்து, அதன்மேல் விரல்கள் மேல்நோக்கி மடங்குமாறு ஊன்றி, குதிகாலை வெளியே விட்டு, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மூன்று எண்ணிக்கையில் எழும்பி, இரண்டு எண்ணிக்கை நின்று, மூன்று எண்ணிக்கையில் இறங்க வேண்டும். துவாலை இல்லாவிட்டால் இது வெறும் கெண்டைக்கால் பயிற்சி, விரல் மடங்கும்போதுதான் உள்ளங்கால் பட்டை விறைக்கிறது. பன்னிரண்டு முறைக்கு மேல் முடியாத அளவுக்குக் கடினமாக, மூன்று சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். முதலில் இரண்டு காலாலும் தொடங்கி ஒரு காலுக்கு மாறினார். பிறகு மகனின் பள்ளிப் பையில் இரண்டு கிலோ அரிசியைப் போட்டு முதுகில் மாட்டி, எண்ணிக்கையைப் பத்தாகவும், பின்னர் எட்டாகவும் குறைத்து, சுற்றுகளைக் கூட்டினார். டென்மார்க்கில் நடந்த ஆய்வொன்றில், இவ்வகைப் பாரப் பயிற்சி செய்தவர்கள் இழுப்புப் பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட மூன்றாம் மாதத்தில் நன்றாகத் தேறியிருந்தார்கள், ஓர் ஆண்டு முடிவில் இரு சாராருக்கும் பெரிய வேறுபாடு இல்லை. சீக்கிரம் தேறுவதற்கு இது துணை செய்யும் என்று மட்டுமே எடுத்துக்கொள்ளலாம். செய்யும்போது ஓரளவு வலிப்பதில் தவறில்லை, ஆனால் மறுநாள் காலை நோட்டில் எழுதும் எண் தாவி ஏறினால் பாரத்தைக் குறைக்க வேண்டும்.

மூன்றாம் வாரம் வந்தபோது எண் அசையவே இல்லை, நிறுத்திவிடலாமா என்று கேட்டார். பெரும்பாலானோர் கைவிடுவது இந்த இடத்தில்தான். நார் மெதுவாகப் புதுப்பிக்கப்படும் திசு, மூன்று வாரத்தில் அது பதில் சொல்வதில்லை. ஆறாம் வாரம் இருபத்தைந்து, மூன்றாம் மாத முடிவில் பன்னிரண்டு. ஐந்தாம் மாதம் ஒரு திருமண வேலையில் இரண்டு நாள் முழுக்க நின்றதும் மீண்டும் முப்பதுக்கு ஏறியது. எல்லாம் போச்சு என்று கலங்கினார், பத்தே நாளில் பழைய நிலைக்கு வந்தது. இந்த நோய் நேர்கோட்டில் இறங்குவதில்லை.

இதற்கிடையில் காலுக்குக் கிடைத்த தரையையும் மாற்றினோம். வீட்டில் மொசைக் தரை, கடையிலோ வெறுங்கால். பயிற்சி எவ்வளவு சரியாக இருந்தாலும் நாள் முழுக்க கெட்டித் தரையில் வெறுங்காலோடு நின்றால் பாதி வேலை வீணாகும். கட்டிலோரம் ஒரு ஜோடி எம்.சி.ஆர். என்னும் மெத்தென்ற ரப்பர் செருப்பு, வீட்டுக்குள் மட்டும் அணிவதற்கு; கடையில் அணிய இன்னொரு ஜோடி. தேய்ந்து தட்டையான ரப்பர் செருப்பை விலக்கச் சொன்னேன். கடையில் நின்றுகொண்டே இருக்க வேண்டும் என்பதும் சட்டப்படி இல்லை. தமிழ்நாட்டில் 2021-ல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் செய்த திருத்தம், பணியாளர்கள் உட்காருவதற்கு இருக்கை தர வேண்டும் என்கிறது. அதைச் சொல்லி ஒரு ஸ்டூல் கேட்டார், கிடைத்தது. வாடிக்கையாளர் இல்லாதபோது உட்கார்ந்தாலே மாலை வலி கணிசமாகக் குறைந்தது.

எல்லாக் குதிகால் வலியும் இதுவல்ல என்பதை மறப்பதும் ஒரு தவறே. படுத்திருக்கும்போதும் இரவிலும் வலித்தாலோ, காய்ச்சல் இருந்தாலோ, எரிச்சலும் மரத்துப்போதலும் சேர்ந்தாலோ, குதிகாலை இரு பக்கமும் சேர்த்து அழுத்தும்போது சுரீரென்று வலித்தாலோ உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும், கடைசியாகச் சொன்னது எலும்பில் நுண்ணிய விரிசலாக இருக்கலாம். இளவயதினருக்கு இரண்டு குதிகாலும் வலித்து, காலையில் முதுகும் நெடுநேரம் விறைத்திருந்தால், அது மூட்டுவாத வகை நோயாக இருக்கக்கூடும். சரியான பயிற்சியை ஆறு மாதம் ஒழுங்காகச் செய்தும் எண் இறங்காதவர்களுக்கு அதிர்வலைச் சிகிச்சை ஒரு வழி, அறுவை சிகிச்சை மிகச் சிலருக்கே தேவைப்படும், அதைப் பற்றிப் பேசுவதும் கடைசியில்தான்.

பெரும்பாலானோருக்கு இந்த வலி பத்து மாதம் முதல் ஓராண்டுக்குள் அடங்குகிறது. அந்தப் பெண்மணியின் நோட்டில் ஜூலை கடைசி வாரத்தில் ஒன்று, இரண்டு என்றும், சில நாட்கள் சுழியம் என்றும் இருந்தது. அப்போது மறுபடியும் ஆடித் தள்ளுபடி தொடங்கியிருந்தது. ஸ்டூலும் செருப்பும் கடையிலேயே இருந்தன. படிப் பயிற்சியை வாரம் இரண்டு முறையாகக் குறைத்து, ஆவணி வரை தொடரச் சொல்லியிருக்கிறேன்.