லாபத்தைக் கடையிலேயே விடுவது எப்படி? சாவியைக் கொடுத்த அன்று சொன்ன கணக்கு

பழைய வண்ணாரப்பேட்டையில் நான் நடத்திவந்த பெயின்ட், ஹார்டுவேர் கடையை, அங்கு வேலை பார்த்த மூவரே இனி நடத்தப்போகிறார்கள். சாவியைக் கொடுத்த அன்று அவர்களிடம் பேசியதைப் புதிதாகக் கடை வைப்பவர்களுக்காகப் படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: கல்லாப் பணத்தையும் லாபத்தையும் பிரியுங்கள்

தம்பிகளே, மாதம் நான்கு லட்சத்துக்கு விற்றோம் என்றால், அதில் 3,28,000 ரூபாய் சரக்கின் விலை. வாடகை, சம்பளம், மின்கட்டணம் ஆகியவற்றுக்கு 37,000 போக, மிஞ்சுவது 35,000 மட்டுமே. வாடிக்கையாளரிடம் வாங்கிய ஜிஎஸ்டி இந்தக் கணக்கிலேயே சேராது, அது அரசின் பணம்.

படி 2: வீட்டுக்குச் சம்பளம் எழுதுங்கள்

35,000-இல் 20,000 ரூபாயைச் சம்பளமாக எடுத்துக்கொண்டு, 15,000-ஐக் கடையில் விட்டால் ஏழே மாதத்தில் ஒரு லட்சம் சேர்ந்துவிடும். லாபத்தை எடுத்தாலும் விட்டாலும் அதற்கு வருமான வரி உண்டு என்பதால், வரிக்கான தொகையைத் தனியாக ஒதுக்கிவையுங்கள்.

படி 3: அந்த லட்சத்தைச் சுழற்றுங்கள்

நம் மொத்த வியாபாரி ஒரு மாதக் கடனுக்குச் சரக்கு தருகிறார். ரொக்கமாகக் கொடுத்தால் 3 சதவீதம் தள்ளுபடி செய்கிறார். ஒரு லட்சம் ரூபாய்ச் சரக்கை 97,000-க்கு வாங்கி, மாதத்துக்குள் விற்று, அதே பணத்தை மறுபடியும் போட்டால், மாதம் 3,000 வீதம் ஆண்டுக்கு 36,000 ரூபாய் கூடுதலாக நிற்கும். அதே லட்சத்தை எடுத்து வங்கியில் 7 சதவீத வைப்பில் போட்டால் கிடைப்பது 7,000.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு தீபாவளி முடிந்ததும், மனை முன்பணத்துக்காகக் கடையிலிருந்து ஒன்றரை லட்சத்தை உருவினேன். மார்கழியில், பொங்கலுக்கு வீடு வெள்ளையடிப்பவர்கள் வரிசையாக வந்து நின்றபோது, பழைய பாக்கியைத் தீர்க்காமல் புதுச் சரக்கு தர மொத்த வியாபாரி மறுத்துவிட்டார். சுண்ணாம்பு கேட்டு வந்தவர்கள் பிரஷ்ஷையும் சேர்த்து அடுத்த தெருக் கடையில் வாங்கிப்போனார்கள்.

படி 4: தேங்கும் சரக்கில் போடாதீர்கள்

மேலே சொன்ன 36,000 ரூபாய், சரக்கு மாதந்தோறும் விற்றுத் தீர்ந்தால்தான் வரும். மூன்று மாதம் தேங்கினால், ஆண்டுக்கு நான்கே சுற்று, 12,000-தான். ஆகவே சரக்கு வந்திறங்கும்போதே ஒவ்வொரு டப்பாவின் அடியிலும் மாதத்தை மார்க்கரால் எழுதிவையுங்கள். 90 நாள் தாண்டிய நிறத்தை, எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும், மறுபடி வாங்காதீர்கள்.

மேல் தட்டில் இரண்டு டஜன் பழுப்பு எனாமல் டப்பாக்கள் இருக்கின்றன. தள்ளுபடிக்கு ஆசைப்பட்டு வாங்கியவன் நானேதான். அவற்றை முதலில் அசல் விலைக்குத் தள்ளிவிட்டு, அந்தப் பணத்துக்கு வெள்ளை பிரைமர் வாங்குங்கள்.