பணம் செலுத்தும் பக்கத்தில் கூடை காலியாகிறதா?

மருதமுனைக் கைத்தறிச் சாரம் விற்கும் நண்பரின் இணையக் கடையில் ஒரு விசித்திரம். மூன்று சாரங்களைக் கூடையில் போட்டுப் பணம் செலுத்தப் போனால் கூடை வெறுமையாகிவிடும்.

கடைத் தளத்தை இயக்கும் கணினியான சேவையகத்துக்கு ஆள் ஞாபகம் கிடையாது. பக்கத்துக்குப் பக்கம் நாம் அதற்குப் புதுமுகம்தான். முதல் வருகையில் அது தரும் அடையாள எண்ணை உலாவி குக்கி என்ற சிறு குறிப்பாக வைத்திருந்து, ஒவ்வொரு முறையும் திருப்பிக் காட்டுகிறது. கூடை இருப்பது சேவையகத்தில், அந்த எண்ணின் பேரில்.

நண்பரின் பொருள் பக்கங்கள் `www` உடனும் பணப் பக்கம் அது இல்லாமலும் திறந்தன. எந்தத் தளப்பெயருக்கு உரியது என்று `Domain` குறிப்பிடாத குக்கி, தன்னைத் தந்த முகவரிக்கு மட்டுமே போகும். குரோமில் F12 அழுத்தி, `Application` பகுதியில் `Cookies` பார்த்தோம்: இரண்டு முகவரிக்கும் இரண்டு எண்கள்! `www` இல்லாத முகவரியை மற்றதற்குத் திருப்பிவிட்டதும் சாரங்கள் கூடையிலேயே இருந்தன.